ஏறி நிற்கும் இ.எஸ்.ஆர்., ஏறாத சி.ஆர்.பி.

கேள்வி: டாக்டர் ஐயா, கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 62 வயது. முப்பது வருடம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். நாலு மாதமாகச் சோர்வு, மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. காய்ச்சல் இல்லை. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். இ.எஸ்.ஆர். 52 என்று வந்ததும் ஆன்டிபயாடிக் ஐந்து நாள், பிறகு வேறொன்று ஏழு நாள் கொடுத்தார்கள். இப்போது 58. சி.ஆர்.பி. 3.2. ஹீமோகுளோபின் 8.4, எம்.சி.வி. 68. நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் "ரத்தத்தில் கிருமி இருக்கு, டிபி மாத்திரை ஆரம்பிச்சிடலாம்" என்கிறார்கள். சொந்தக்காரர்கள் கேன்சர் என்று பயமுறுத்துகிறார்கள். ஒன்று மட்டும் ஏறி இன்னொன்று ஏறாமல் இருப்பது ஏன்?

பதில்: தம்பி, முதலில் அந்த ரிப்போர்ட்டை மறுபடி கையில் எடுங்கள். சி.ஆர்.பி. 3.2 என்று எழுதியிருக்கிறீர்கள், அளவு என்னவென்று எழுதவில்லை. ஒரு லிட்டருக்கு 3.2 மில்லிகிராம் என்றால் அது சாதாரண அளவு. சில லேபுகள் டெசிலிட்டர் கணக்கில் கொடுக்கும். அப்படியென்றால் அது லிட்டருக்கு 32 மில்லிகிராம் ஆகிவிடும், கதையே மாறிவிடும். பக்கத்தில் 'நார்மல்' என்று என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். 5, 6, 10 என்று ஏதாவது இருந்தால் லிட்டர் கணக்கு. 0.5, 0.6, 1 என்று இருந்தால் டெசிலிட்டர் கணக்கு. உடனே எனக்கு எழுதுங்கள். லிட்டர் கணக்கு என்று எடுத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

இ.எஸ்.ஆர். என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு பொருளின் அளவு இல்லை. எங்கள் லேபில் அதை எப்படிப் பார்க்கிறோம் என்று சொன்னால் புரியும். நாலு பங்கு ரத்தம், ஒரு பங்கு சோடியம் சிட்ரேட் கரைசல் கலந்து, உறையாமல் வைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் 200 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஏற்றி, ஸ்டாண்டில் நேராக நிறுத்திவிடுவோம். ஒரு மணி நேரம் யாரும் அதைத் தொடக் கூடாது. சிவப்பணுக்கள் மெல்ல அடியில் இறங்கும், மேலே வெளிர் மஞ்சளாகப் பிளாஸ்மா தெளியும். ஒரு மணி நேரத்தில் தெளிந்த பகுதி எத்தனை மில்லிமீட்டரோ, அதுதான் இ.எஸ்.ஆர். உங்கள் அம்மாவின் குழாயில் 58 மில்லிமீட்டர் தெளிந்திருக்கிறது. அவ்வளவுதான் அந்த எண் நேரடியாகச் சொல்வது. கிருமி என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

இந்தச் சோதனைக்கும் காசநோய்க்கும் பழைய உறவு ஒன்று உண்டு. ஸ்வீடனில் 1918-இல் ஃபாரியஸ் என்பவர், கர்ப்பத்தைக் கண்டுபிடிக்க இது உதவுமா என்று பார்த்துத்தான் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1921-இல் அதே நாட்டு வெஸ்டர்கிரன் நுரையீரல் காசநோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்து முறைப்படுத்தினார். இன்றும் அவர் பெயரில்தான் அந்த முறை வழங்குகிறது. 'இ.எஸ்.ஆர். ஏறினால் டிபி' என்ற எண்ணம் இன்னமும் ஓடிக்கொண்டிருப்பதற்கு அந்த உறவும் ஒரு காரணம் என்பது என் அனுமானம்.

சரி, அணுக்கள் ஏன் சிலருக்கு வேகமாக இறங்குகின்றன? டஸ்ட் டீயையும் பெரிய இலைத் தூளையும் தனித்தனி தம்ளரில் கலக்கிப் பாருங்கள். டஸ்ட் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும், இலை சட்டென்று அடியில் போய் உட்காரும். சிவப்பணுக்களும் அப்படித்தான். அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும். பிளாஸ்மாவில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடினால் அந்தத் தள்ளல் குறைந்து, அணுக்கள் காசு அடுக்கினதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். அடுக்கு கனமாக இருக்கும், விரைந்து இறங்கும். உடம்பில் எங்கேயாவது அழற்சி இருந்தால் கல்லீரல் ஃபைப்ரினோஜனை அதிகம் செய்கிறது. அந்த வழியாகத்தான் நோய்க்கும் இ.எஸ்.ஆருக்கும் தொடர்பு. ஆக, சுற்றி வளைத்து வரும் செய்தி அது.

சுற்றி வருகிற வழியில் வேறு பலரும் கை வைக்கலாம். உங்கள் அம்மா விஷயத்தில் கை வைத்தது ரத்தசோகை.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். இறங்குகிற வண்டிகள் எல்லாம் சிவப்பணுக்கள். ஒரு அணு கீழே போக வேண்டுமானால் அந்த இடத்தில் இருந்த பிளாஸ்மா மேலே வந்தாக வேண்டும், வேறு போக்கிடம் இல்லை. ஏறுகிற வண்டிக்கு வழிவிட்டு வழிவிட்டுத்தான் இறங்குகிற வண்டி நகர முடியும். நல்ல ரத்தம் உள்ள ஒரு பெண்ணுக்கு நூறு பங்கு ரத்தத்தில் சுமார் 40 பங்கு அணுக்கள் இருக்கும். சீசன் நேரத்து மலைப்பாதை மாதிரி நெரிசல். எல்லாம் ஊர்ந்துதான் இறங்கும். உங்கள் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8.4 என்றால் அணுக்களின் பங்கு 25, 26-தான் இருக்கும். பாதை காலி. பிளாஸ்மா எளிதாக மேலேறுகிறது, அணுக்கள் தடையில்லாமல் இறங்குகின்றன. கிருமியே இல்லாமல், ஃபைப்ரினோஜன் துளிகூடக் கூடாமல், இந்த ஒரு காரணத்தாலேயே எண் ஏறிவிடும்.

பாதை காலியானால் வேகம் கூடும் என்பதை நானே பட்டு அறிந்தவன். தொழிலுக்கு வந்த புதிதில் மலைச்சரிவில் கட்டின ஒரு லேபில் வேலை பார்த்தேன். ஒரு வாரமாக வருகிறவர்களுக்கெல்லாம் இ.எஸ்.ஆர். கூடவே வந்தது. சிட்ரேட்டை மாற்றினோம், குழாய்களைக் கழுவினோம், தண்ணீரைக் குறை சொன்னோம். கடைசியில் தரை பெருக்க வந்த அக்காதான், "மேசை ஆடுது சார்" என்றார். ஒரு கால் தாழ்ந்து, ஸ்டாண்டே சாய்ந்திருந்தது. குழாய் சாய்ந்தால் அணுக்கள் கீழ்ப்பக்கச் சுவரை ஒட்டிச் சறுக்கி இறங்கும், பிளாஸ்மா மேல்பக்கச் சுவரை ஒட்டி ஏறும். ஒற்றை வழிப் பாதை இரட்டை வழிப் பாதை ஆகிவிடும். மூன்று டிகிரி சாய்வே அளவை முப்பது சதவீதம் வரை கூட்டிவிடக்கூடும். 1920-இல் பாய்காட் என்ற ஆங்கிலேயர் ரத்தக் குழாய்களில் கவனித்து எழுதினது இது. ஆட்கள் மாறவில்லை, நோய் வரவில்லை, மேசைக்கால்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஜனவரி உறைபனிக் காலத்தில் ஹீட்டர் இல்லாத அறையில் குழாயை நிறுத்தினால் அணுக்கள் மந்தமாக இறங்கும், எண் குறைத்துக் காட்டும். காலையில் எடுத்த ரத்தம் பஸ்ஸில் கீழே போய் நாலு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலும் அதே கதை. இப்படி இருக்க, 52-க்கும் 58-க்கும் இடையே உள்ள ஆறை வைத்து 'மருந்து கேட்கவில்லை, கிருமி முற்றுகிறது' என்று சொல்வது சரியில்லை. வேறு நாள், வேறு குழாய். அந்த வித்தியாசத்துக்கு அர்த்தம் எதுவும் கிடையாது.

ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எம்.சி.வி. 68 என்றால் அம்மாவின் அணுக்கள் அளவில் சிறியவை. சின்ன அணு தனியாக மெதுவாகத்தான் இறங்கும், வடிவம் கோணலாக இருந்தால் அடுக்காகவும் சேராது. அதாவது நெரிசல் குறைந்தது ஒரு பக்கம் வேகத்தைக் கூட்ட, அணு சிறுத்தது இன்னொரு பக்கம் குறைக்கிறது. பெரும்பாலும் முதலாவதுதான் ஜெயிக்கும், ஆனால் எவ்வளவு ஜெயிக்கும் என்று ஆளுக்கு ஆள் சொல்ல முடியாது. அதனால்தான் 'ரத்தசோகைக்குத் திருத்திய இ.எஸ்.ஆர்.' என்று சூத்திரம் போட்டு எண் தருவதை நான் நம்புவதில்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் பழங்குடி மக்களிடம் அரிவாள் அணு ரத்தசோகை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுக்கு அணு அரிவாள்போல வளைவதால் அடுக்காகச் சேரவே சேராது; ரத்தசோகையும் தொற்றும் இருந்துகூட இ.எஸ்.ஆர். தாழ்ந்தே நிற்கலாம். அங்கே குறைந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்தால் ஆபத்து.

அடுத்தது வயது. வயது ஏற ஏற ஃபைப்ரினோஜன் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது, அணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் அல்புமின் கொஞ்சம் குறைகிறது. நோய் என்று பெயர் வைக்க முடியாத சிறு தேய்மானங்களும் சேர்ந்துகொள்ளும். பெண்களுக்கு அணுக்களின் பங்கு ஆண்களைவிடக் குறைவு என்பதால், மேலே சொன்ன அதே காலிப் பாதைக் காரணத்தால், எண் இன்னும் சற்றுக் கூடுதலாக இருக்கும். இதற்கு 1983-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆண் என்றால் வயதில் பாதி. பெண் என்றால் வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி. அதுவரை சாதாரணம் என்று கொள்ளலாம். அம்மாவுக்கு 62-உம் 10-உம் 72, பாதி 36. ரிப்போர்ட்டில் எல்லா வயதுப் பெண்களுக்கும் சேர்த்து '20 வரை' என்று அச்சடித்திருந்தால், 58-ஐ அதோடு ஒப்பிட்டுப் பார்த்து மூன்று மடங்கு என்று பயந்திருப்பீர்கள். ஒப்பிட வேண்டியது 36-ஓடு. அதற்கு மேல் மிச்சம் நிற்கும் 22-ஐத்தான் விளக்க வேண்டும், 8.4 ஹீமோகுளோபின் அதைத் தாராளமாக விளக்கும்.

இப்போது சி.ஆர்.பி. இது நேரடியாக எடை போட்டுச் சொல்கிற ஒரே ஒரு புரதம். 1930-இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் டில்லெட், ஃப்ரான்சிஸ் இருவரும் கண்டுபிடித்தது. அழற்சி தொடங்கினால் கல்லீரல் சில மணி நேரத்திலேயே இதைச் சுரக்கத் தொடங்கும், இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். தூண்டுதல் நின்றால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். அணுக்கள் எத்தனை, குழாய் சாய்ந்ததா, அறை குளிரா என்ற எதுவும் இதைத் தொடாது. ரத்தசோகை இதைத் தொடுவதில்லை. வயது கொஞ்சம் தொடும், உடல் பருமனும் தொடும், ஆனால் இ.எஸ்.ஆர். அளவுக்கு இல்லை. ஃபைப்ரினோஜன் பாதியாகக் குறையவே நாலு நாள் பிடிக்கும். அதனால் நோய் ஆறிய பிறகும் இ.எஸ்.ஆர். வாரக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும், சி.ஆர்.பி. சீக்கிரம் இறங்கிவிடும்.

இரண்டு முறை ஆன்டிபயாடிக் கேட்கும் அளவுக்குத் தீவிரமான பாக்டீரியாத் தொற்று இருந்திருந்தால் சி.ஆர்.பி. பத்துக்கணக்கில், ஏன் நூறைத் தாண்டிக்கூட, நின்றிருக்கும். 3.2-இல் நிற்காது. காசநோயில் சிலருக்கு சி.ஆர்.பி. ஏறாமல் இருப்பதுண்டு, அதனால் இந்த எண்ணை மட்டும் வைத்து இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எக்ஸ்ரே சுத்தம், சளியில் கிருமி இல்லை, காய்ச்சல் இல்லை. இத்தனைக்கும் பிறகு இ.எஸ்.ஆர். ஒன்றை வைத்து ஆறு மாத டிபி மாத்திரை ஆரம்பிப்பதற்கு நியாயமே இல்லை. கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மாத்திரைகள் அவை. வேண்டாம்.

இத்தனை நேரம் பேசினது ஏறின எண்ணைப் பற்றி. என் கவலை இறங்கின எண்ணைப் பற்றித்தான். 62 வயதுப் பெண்ணுக்கு 8.4 என்பது சாதாரணமாக வராது. சின்ன அணுக்கள் என்றால் முதல் சந்தேகம் இரும்புச்சத்துக் குறைவு. மாதவிலக்கு நின்று வருடங்கள் ஆன பெண்ணுக்கு இரும்பு குறைகிறது என்றால், எங்கோ ரத்தம் கசிகிறதா என்று கேட்டே ஆக வேண்டும். மேடு ஏறினால் மூச்சு வாங்குவதும் இந்த 8.4-ஆல்தான் இருக்கும்.

கசிவு எங்கே என்பதற்கு நீங்களே ஒரு துப்பு கொடுத்திருக்கிறீர்கள். மருந்துக்கடை மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டால் இரைப்பையில் புண் வந்து, வலிகூட இல்லாமல் சொட்டுச் சொட்டாக ரத்தம் போகும். மலம் தார்போலக் கறுப்பாகப் போகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள்; கேட்காமல் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது, கொக்கிப்புழு. ஈர மண்ணில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குக் கால் வழியாக ஏறிக் குடலில் தங்கி ரத்தம் உறிஞ்சும். எஸ்டேட்டில் முப்பது வருடம் என்றால் இதைக் கேட்காமல் விடக் கூடாது. மூன்றாவது, சொந்தக்காரர்கள் சொல்லும் பயத்தில் ஒரு சிறு உண்மை உண்டு: இந்த வயதில் இரும்பு குறைந்தால் குடல் புற்றுநோயையும் பார்த்து விலக்க வேண்டும். அதற்குக் காரணம் 8.4, அந்த 58 இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது இது. இரும்பு மாத்திரை தொடங்கும் முன் ஃபெரிட்டின் பாருங்கள். ஃபெரிட்டின் இரும்பின் கையிருப்பைச் சொல்லும், ஆனால் அழற்சி இருந்தால் பொய்யாக ஏறிக் காட்டும். அம்மாவுக்கு சி.ஆர்.பி. சாதாரணமாக இருப்பதால் அந்த எண்ணை நம்பலாம், சி.ஆர்.பி. எடுத்ததன் உண்மையான பயன் இங்கேதான் கிடைக்கிறது. 15-க்குக் கீழே வந்தால் சந்தேகமே இல்லை, 30-க்குக் கீழே என்றாலும் இரும்புக்குறைவு என்றே வைத்துக்கொள்ளலாம். 30-க்கு மேல் நின்றால் அணு சிறுத்ததற்குத் தலசீமியா போன்ற வேறு காரணம் தேட வேண்டும். அதே ரத்தத்திலேயே அணுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். கிரியாட்டினினும், மொத்தப் புரதம், அல்புமின், குளோபுலினும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மலத்தில் மறைந்த ரத்தம், புழு முட்டை இரண்டும் பார்க்க வேண்டும். மறைந்த ரத்தம் இல்லை என்று வந்தாலும், ஃபெரிட்டின் குறைவு என்றால் எண்டோஸ்கோப்பியும் கொலனோஸ்கோப்பியும் தள்ளிப்போடக் கூடாதவை. கசிவு விட்டுவிட்டு வரும், ஒரு நாள் சோதனையில் தப்பிவிடும். ஊட்டியிலோ கோவையிலோ குடல்நோய் மருத்துவரிடம் இந்தக் காகிதங்களோடு போங்கள்.

குளோபுலினைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. சி.ஆர்.பி. ஏறாமல் இ.எஸ்.ஆர். மட்டும் ஏறி, கூடவே ரத்தசோகையும் இருக்கிற இன்னொரு நோய் எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா. அதில் ஒரே வகைப் புரதம் அளவுக்கு மீறிச் சுரந்து அணுக்களை ஒட்டவைக்கும். சிலருக்கு எண் 100-ஐக்கூடத் தாண்டும், பெரும்பாலும் முதுகெலும்பு வலி இருக்கும், அணுக்களின் அளவும் சாதாரணமாகவே இருக்கும். அம்மாவுக்கு அணு சிறுத்திருப்பதால் வாய்ப்பு குறைவு. குளோபுலின் சாதாரணமாக வந்தால் அந்த வாய்ப்பு இன்னும் குறைந்துவிடும்.

இரும்பு மாத்திரை தொடங்கியதும் மலம் கறுப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் இரண்டு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரையை விழுங்கவில்லை, அல்லது கசிவு நிற்கவில்லை, அல்லது குடல் இரும்பை உறிஞ்சவில்லை. நம் ஊரில் நாலாவது காரணம் ஒன்று உண்டு: டீ. மாத்திரை போட்ட கையோடு ஒரு தம்ளர் டீ குடித்தால் அதிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டோடு டீ குடித்தாலும் அப்படியே. மாத்திரைக்கும் டீக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடச் சொல்லுங்கள். டீயே வேண்டாம் என்றால் கேட்க மாட்டார்கள், அந்த வம்புக்குப் போகாதீர்கள்.

இடையில் மாதாமாதம் இ.எஸ்.ஆர். எடுக்காதீர்கள். ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டின பிறகு ஒரே ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அப்போது 36-க்குப் பக்கத்தில் வந்து நின்றால் விட்டுவிடலாம். பாதை நிரம்பின பிறகும் 58-லேயே நின்றால் அது வேறு கேள்வி, அப்போது ரத்தப் புரதங்களை வகை பிரித்துக் காட்டும் புரத எலெக்ட்ரோஃபோரெசிஸ் எடுத்துக்கொண்டு எழுதுங்கள். நடுவில் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் என்று ஏதாவது வந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ஐம்பது வயதுக்கு மேல் தலை ரத்தக்குழாயில் வரும் அழற்சியும் இ.எஸ்.ஆரை ஏற்றும், கண்ணைப் பறித்துவிடும்.

அந்த மூட்டுவலி மாத்திரையை இன்று இரவே நிறுத்தச் சொல்லுங்கள். வலி தாங்கவில்லை என்றால் பாரசிட்டமால் போதும். கடைக்காரர் வேறு எது நீட்டினாலும் அட்டையின் பின்பக்கம் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.